விடையும் நிச்சயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



பரீட்சை என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே பின்வரிசைகளில் ஒரு சிறு அசைவு உண்டாவதைக் காண்கின்றோம். அஞ்ச வேண்டாம். பரீட்சையில் சித்தியெய்தும் வழியைப் பற்றி இங்கு பேச வரவில்லை. ஒரு மாணாக்கன் ஒரு விடையைத் தெரிவு செய்யும்போது, “இதை நீ எவ்வளவு தூரம் நம்புகின்றாய்?” என்றும் கூடவே கேட்டால் என்ன நிகழும் என்பதே நமது பேச்சின் பொருள். கேள்வி சிறிது, ஆனால் அது கொண்டுவந்து காட்டுபவை சிறியன அல்ல.

பல்தேர்வு வினா எத்தகையது என்பதை இங்குள்ள வாலிபர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சையின் பௌதிக வினாத்தாளிலே 50 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 5 விடைகள். சரியானதன்மீது ஒரு புள்ளடி. பிழைத்தால் கழிப்பது ஒன்றுமில்லை. ஆகவே எந்த ஆசிரியரும் கடைசி வகுப்பிலே சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்றுதான்: “ஒரு வினாவையும் வெறுமையாக விட்டுவிடாதே. தெரியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டாவது ஒன்றுக்குப் புள்ளடி போடு.” கணக்கின்படி இப்புத்திமதியில் யாதொரு பிழையுமில்லை. 25 வினாக்களுக்கு விடை தெரியாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு புள்ளடியிட்டால், ஐந்தில் ஒன்றாக ஏறக்குறைய 5 வினாக்கள் அவனுக்குச் சும்மா கிடைக்கும். கிடைப்பதை வேண்டாமென்று சொல்பவன் யார்?

ஆனால் அந்தத் தாளைக் கையிலெடுக்கும் ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு சரியான புள்ளடியைக் காண்கின்றார். அதை இட்டவன் அறிந்து இட்டானா, அரைகுறையாக அறிந்து இரண்டு விடைகளுள் ஒன்றைப் பிடித்தானா, கண்ணை மூடிக்கொண்டு இட்டானா? புள்ளடி பேசாது. பிழையான புள்ளடியும் அவ்வாறே பேசாது. ஒன்றுமே தெரியாதவன் இட்ட பிழையும், பிழையானதையே மெய்யென்று உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பவன் இட்ட பிழையும் தாளிலே ஒரே மாதிரிதான் தோன்றும். முதலாமவனுக்கு வேண்டியது பாடம். இரண்டாமவனுக்கு முன்பு படித்த ஒன்றை மறக்கச் செய்வதே வேண்டியது. நோய் வேறு, மருந்து வேறு. ஆனால் அடையாளம் மட்டும் ஒன்று.

குருட்டூகத்தைத் தடுக்கப் பழைய நாள் தொட்டு ஒரு வழி உண்டு. பிழைக்குக் கழிப்பதே அது. ஐந்து விடைகள் உள்ள வினாவாயின் ஒரு பிழைக்குக் கால் புள்ளி கழிப்பர். முன் சொன்ன மாணாக்கன் 25 இல் 5 சரியாக்கிப் பெற்ற 5 புள்ளிகளும், 20 பிழைகளுக்குக் கால் காலாகக் கழிக்கும் 5 புள்ளிகளும் சமமாகிவிடும், ஊகித்ததில் இலாபமில்லை. அமெரிக்காவின் எஸ்.ஏ.ரி. என்னும் கல்லூரிப் பிரவேசப் பரீட்சை நெடுங்காலம் இம்முறையைக் கைக்கொண்டிருந்து 2016 இல் அதைக் கைவிட்டது. இம்முறையின் குறை எங்கேயென்றால், அது தண்டிப்பது ஊகத்தை அன்று, பிழையை. ஊகித்தவனும், நம்பிப் பிழைத்தவனும் அதே கால் புள்ளியைத்தான் இழக்கின்றனர். அதோடு, கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தனக்குப் பாதி தெரிந்த வினாவையும் வெறுமையாக விட்டுவிடுகின்றது. துணிந்தவனோ இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மிஞ்சிய மூன்றிலே ஒன்றைப் பிடித்து இலாபமடைகின்றான். அறிவை அளக்கப் புகுந்த பரீட்சை சுபாவத்தை அளந்துவிட்டு வந்து நிற்கின்றது.

விடையோடு நிச்சயத்தையும் கேட்கலாமே என்ற எண்ணம் புதியதன்று. கேற் ஹெவ்னர் என்ற அம்மையார் 1932 இலேயே சரி-பிழை வினாக்களில் இதைச் சோதித்து எழுதியிருக்கின்றார். இத்தாலிய கணித மேதை புரூனோ டி பினெற்றி 1965 இல், அரைகுறை அறிவை எவ்வாறு நேர்மையாக வெளிக்கொணர்ந்து அளக்கலாம் என்பதற்குக் கணிதம் வகுத்தார். ஆயினும் சாதாரண வகுப்பறையிலே, சாதாரண மாணாக்கர் ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்ளத்தக்க முறையாக இதை ஆக்கி, ஆண்டுக்கணக்காக நடத்திக் காட்டியவர் இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியின் உடற்றொழிலியற் பேராசிரியர் ரொனி காட்னர்-மெட்வின் ஆவார். 1990களில் அங்குள்ள வைத்திய மாணாக்கரிடையே அவர் தொடங்கிய முறையையே இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

முறை இதுதான். மாணாக்கன் விடையைத் தெரிந்த பின்னர், பக்கத்திலே 1, 2, 3 என்ற மூன்று எண்களுள் ஒன்றை எழுத வேண்டும். அது அவனது நிச்சயத்தின் படி. விடை சரியானால் எழுதிய எண்ணே புள்ளி: 1 எழுதியவனுக்கு 1, 2 எழுதியவனுக்கு 2, 3 எழுதியவனுக்கு 3. விடை பிழைத்தால், 1 எழுதியவனுக்குப் பூச்சியம். 2 எழுதியவனுக்கு 2 புள்ளி கழியும். 3 எழுதியவனுக்கு 6 புள்ளி கழியும். இவ்வளவே விதி.

“ஆறா!” என்று முன்வரிசையிலே ஒரு பெரியவர் வியப்பதைக் கேட்கின்றோம். அந்த ஆறிலேதான் முறையின் உயிர் இருக்கின்றது. அது ஏன் மூன்றாக இருக்கக்கூடாது என்பதைப் பார்ப்போம். சரியானால் எழுதிய எண்ணைக் கூட்டுவது, பிழைத்தால் அதே எண்ணைக் கழிப்பது என்று விதி வைத்தோமென்று கொள்வோம். பார்வைக்கு நீதியாகத்தான் தோன்றும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடத் தெரிந்த மாணாக்கன் என்ன செய்வான்? பாதிக்குச் சற்று மேலே நம்பிக்கை இருந்தாற் போதும், 3 எழுதுவதே அவனுக்கு இலாபம். பாதிக்குக் கீழே வந்தால் 1. நடுவிலுள்ள 2 ஒருபோதும் எவருக்கும் இலாபம் தராது. நிச்சயத்தைக் கேட்டோம், வந்ததோ நிச்சயமன்று, வியாபாரம். இவ்வாறு பிழையான விதியை வைத்துக்கொண்டு, “மாணாக்கர் தம் நிச்சயத்தை நேர்மையாகச் சொல்வதில்லை” என்று குறைப்படுவதில் பொருளில்லை. நேர்மைக்கு நட்டம் வைத்தது நாமே.

இனி, காட்னர்-மெட்வினின் விதியைப் பரிசோதிப்போம். ஒரு மாணாக்கனுக்கு ஒரே அளவான நம்பிக்கை உள்ள 20 வினாக்களை எடுத்துக்கொள்வோம். முதலில், பாதிக்குப் பாதி சந்தேகமான 20 வினாக்கள்: 10 சரியாகும், 10 பிழைக்கும். எல்லாவற்றுக்கும் 1 எழுதினால் 10 புள்ளி. 2 எழுதினால் 20 கூடி 20 கழிந்து பூச்சியம். 3 எழுதினால் 30 கூடி 60 கழிந்து 30 புள்ளி கடனாகும். ஆகவே அவன் எழுத வேண்டியது 1.

அடுத்து, நாலுக்கு மூன்று நம்பிக்கை உள்ள 20 வினாக்கள்: 15 சரி, 5 பிழை. 1 எழுதினால் 15. 2 எழுதினால் 30 இல் 10 போக 20. 3 எழுதினால் 45 இல் 30 போக மறுபடியும் 15. இங்கே 2 எழுதுவதே இலாபம். கடைசியாக, பத்துக்கு ஒன்பது நம்பிக்கை: 18 சரி, 2 பிழை. 1 எழுதினால் 18. 2 எழுதினால் 32. 3 எழுதினால் 54 இல் 12 போக 42. இங்கே 3 எழுதாதவன் நட்டப்படுகின்றான்.

ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய இடத்திலே இலாபம் இருப்பதைக் கண்டீர்கள். எல்லை எங்கே என்று கணக்குப் பார்த்தால், நூற்றுக்கு 67 வரை 1, அதன்மேல் 80 வரை 2, 80க்கு மேலே 3 என்று வரும். மாணாக்கன் தான் உண்மையில் நினைப்பதை எழுதினால் அதுவே அவனுக்கு மிகுந்த புள்ளியைத் தரும். உள்ளதைக் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் நட்டம். அடக்கமும் இங்கே இலவசமன்று என்பதைக் கூச்சமுள்ள பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம். “ஓரளவு நிச்சயம்”, “மிக நிச்சயம்” என்று சொற்களால் இப்படிகளைக் குறிப்பது நன்றன்று. ஒருவருடைய “மிக நிச்சயம்” இன்னொருவருடைய “ஏதோ தெரியும்” ஆகலாம். எமது வீடுகளிலே, “மழை வருமா?” என்றால் “கட்டாயம் வரும்” என்பவரும் உண்டு, அதே வானத்தைப் பார்த்து “வந்தாலும் வரும்” என்பவரும் உண்டு. எனவே சொல்லை விட்டுப் புள்ளியைக் கொண்டே படியை வரையறுக்கின்றனர். “பிழைத்தால் ஆறு போகும்; சம்மதமா?” என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே கேள்விதான்.

இது பிள்ளைகளைச் சூதாடப் பழக்குவதன்றோ என்று பெரியவர்களுட் சிலர் நினைக்கலாம். உண்மையில் சூது இருப்பது பழைய முறையிலேதான். அங்கே கண்ணை மூடி இட்ட புள்ளடிக்கும் கற்று இட்ட புள்ளடிக்கும் ஒரே பரிசு. இங்கேயோ ஊகிப்பவன் 1 எழுதினால் மூன்றிலொரு பங்குப் பரிசோடு திரும்ப வேண்டும். 3 எழுதினால் விரைவில் வெறுங்கையனாவான். ஆயினும் ஒன்றை மறைக்கக்கூடாது. ஊகத்தை இம்முறை அடியோடு ஒழிப்பதில்லை. 1 எழுதிக் கண்ணை மூடிக்கொள்பவனுக்குப் பிழையில் நட்டமில்லை. ஐந்தில் ஒரு முறை ஒரு புள்ளி வரும். வேண்டுமென்றே அவ்வாறு வைத்திருக்கின்றனர். மாணாக்கன் வெறுமையாக விடாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டும், ஆனால் அது ஊகமென்பதையும் கூடவே சொல்லவேண்டும் என்பதே நோக்கம்.

இப்போது ஒரு கற்பனைச் சோதனை. இரண்டு மாணாக்கர் 50 வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர். இருவரும் 30 வினாக்களைச் சரியாக்குகின்றனர். பழைய முறையிலே இருவருக்கும் 30, இருவரும் சமம்.

முதலாமவன் 25 வினாக்களை நன்றாகக் கற்றவன். அவற்றுக்கு 3 எழுதினான், 25உம் சரி. மிஞ்சிய 25 அவனுக்குத் தெரியாது. தெரியாதென்பதும் அவனுக்குத் தெரியும். அவற்றுக்கு 1 எழுதினான், 5 சரியாயின. அவன் புள்ளி 75உம் 5உம் சேர்ந்து 80. இரண்டாமவன் 30 வினாக்களுக்கு 3 எழுதினான். அவற்றுள் 22 சரி, 8 பிழை. 66 இல் 48 போக மிஞ்சியது 18. மற்ற 20க்கு 1 எழுதி 8 சரியாக்கினான். மொத்தம் 26. ஒருவனுக்கு 80, மற்றவனுக்கு 26!

இரண்டாமவனுக்கு இது கொடுமை என்று தோன்றலாம். ஆனால் இம்முறை பிறந்த இடம் வைத்தியக் கல்லூரி என்பதை மறக்கக்கூடாது. மருந்தின் அளவு தெரியாத வைத்தியர் ஒருவர், தெரியாதென்று உணர்ந்தால், புத்தகத்தைப் புரட்டுவார் அல்லது மூத்த வைத்தியரைக் கேட்பார். பிழையான அளவை உறுதியாக நம்புபவர் ஒருவரையும் கேட்கமாட்டார், எழுதிக் கொடுத்துவிடுவார். கட்டிலிற் கிடக்கும் நோயாளிக்கு இவ்விருவரும் சமமாவாரா?

புள்ளி வழங்குவது இதன் பாதி வேலைதான். எமது எண்ணத்திலே, அதைவிடப் பெறுமதியான மற்றப் பாதி ஆசிரியருக்கு உரியது. அதற்கு ஒரு பௌதிக வினாவை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தை நேரே மேல்நோக்கி எறிகின்றோம். கையை விட்டு நீங்கிய பின், மேலே போய்க்கொண்டிருக்கையில், அதன்மீது தாக்கும் விசை எது? காற்றின் தடையைக் கணக்கிலெடுக்க வேண்டாம். முதலாம் விடை: கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டும். இரண்டாம் விடை: எறிந்த விசை மட்டும். மூன்றாம் விடை: கீழ்நோக்கிய ஈர்ப்பும், மேல்நோக்கிப் படிப்படியாகக் குறைந்துவரும் எறிந்த விசையும். நான்காம், ஐந்தாம் விடைகளையும் நீங்களே இட்டுக்கொள்ளலாம்.

சரியான விடை முதலாவது. ஆனால் உலகெங்கும் பௌதிகம் கற்பிப்போர் நன்கறிந்த செய்தி, மூன்றாம் விடைக்கு உள்ள கவர்ச்சி. இச்சபையிலும் சிலர் இப்பொழுதே மனதுள் மூன்றுக்குப் புள்ளடி இட்டிருப்பீர்கள்.

40 பேர் கொண்ட ஒரு வகுப்பிலே 16 பேர் சரியாகவும் 24 பேர் பிழையாகவும் எழுதினர் என்று கொள்வோம். அதே தாளிலே, அரியமொன்றினுள் ஒளி இழிவு விலகல் அடைவது பற்றிய இன்னொரு வினாவுக்கும் 24 பேர் பிழைத்தனர். பழைய முறையிலே ஆசிரியர் இரண்டு வினாக்களையும் ஒரே பட்டியலில் எழுதி, இரண்டு பாடங்களையும் திரும்ப ஒருமுறை நடத்துவார். நிச்சயத்தையும் கேட்டிருந்தால் தாள்கள் வேறு கதை சொல்லும். அரிய வினாவிலே பிழைத்த 24 பேரும் நான்கு பிழை விடைகளிலும் சிதறிக் கிடக்கின்றனர். அவர்களுள் 21 பேர் 1 எழுதியிருக்கின்றனர். அவர்களுக்கு அப்பாடம் ஏறவில்லை. அதை அவர்களே சொல்லிவிட்டனர். திரும்ப நடத்துவதே போதும். பந்து வினாவிலோ பிழைத்தவர்களுள் 17 பேர் ஒரே விடையிலே, அந்த மூன்றாம் விடையிலே, கூடி நிற்கின்றனர். அவர்களுள் 14 பேர் 3 எழுதியிருக்கின்றனர். இது பாடம் ஏறாமை அன்று. அங்கே வேறொரு பாடம் ஏற்கெனவே குடியிருக்கின்றது.

எனவே தப்பெண்ணத்தை அறிய இரண்டு அடையாளங்களை ஒருங்கே பார்க்க வேண்டும்: பிழைகள் ஒரே விடையில் குவிதல், அங்கே நிச்சயமும் உயர்ந்திருத்தல். 1999 இல் ஹசன், பாகயோகோ, கெல்லி என்னும் மூவர் பௌதிகக் கல்வி பற்றிய ஓர் ஆங்கிலச் சஞ்சிகையில் இதையே ஒரு முறையாக வகுத்து எழுதினர். அவர்கள் புள்ளி ஒன்றும் கூட்டவோ கழிக்கவோ இல்லை. முழு ஊகத்துக்குப் பூச்சியம், முழு நிச்சயத்துக்கு 5 என்று மாணாக்கரை எழுதச் செய்தனர். பிழையான விடையோடு வந்த எண்களின் சராசரி 2.5க்குக் கீழே நின்றால் அது அறியாமை. மேலே நின்றால் தப்பெண்ணம்.

அந்தத் தப்பெண்ணத்தை என்ன செய்வது? “சரியான விடை முதலாவது” என்று கரும்பலகையில் எழுதினால் மாணாக்கன் குறித்துக்கொள்வான். மனதுள் இருப்பது அசையாது. வண்டியை இழுப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கின்றது. ஆதலால் அசைவுக்கு எப்போதும் ஒரு விசை வேண்டும் என்பதைக் குழந்தைப் பருவந்தொட்டு அவன் கண்ணாற் கண்டு கற்றிருக்கின்றான். சக்கரத்தில் உராய்வு இருப்பதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “கை விட்டுவிட்டது, இனி அந்த மேல்நோக்கிய விசையைக் கொடுப்பது எது?” அவன் தேடுவான். பந்தைத் தொடுவது ஒன்றுமில்லை. அடுத்து, பந்து செக்கனுக்கு 19.6 மீற்றர் வேகத்தில் கையை விட்டதென்று கொண்டு, ஒரு செக்கன் கழிய வேகம் 9.8, இரண்டு செக்கன் கழியப் பூச்சியம் என்று காட்ட வேண்டும். முதற் செக்கனில் குறைந்ததும் 9.8, இரண்டாம் செக்கனில் குறைந்ததும் 9.8. மேல்நோக்கிய விசை ஒன்று உள்ளே இருந்து தேய்ந்து வந்திருந்தால், தொடக்கத்திலே வேகம் மெதுவாகவும் பின்பு விரைவாகவும் அல்லவா குறைந்திருக்க வேண்டும்? பந்திலே தேய்வது வேகமேயன்றி விசையன்று.

இத்தகைய நேரத்திலே நிச்சயத்தை எழுதி வைத்ததில் மாணாக்கனுக்கும் ஒரு பயன் உண்டு. பட்டர்பீல்ட், ஜனெற் மெற்காப் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 2001 இல் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டனர். பொது அறிவு வினாக்களுக்கு விடை எழுதுவோர், மிகுந்த நிச்சயத்தோடு செய்த பிழைகளை, சரியான விடை சொல்லப்பட்டபின், நிச்சயமில்லாத பிழைகளைவிட நன்றாகத் திருத்திக்கொண்டனர். “இதுவா பிழை!” என்ற திடுக்கீடு கவனத்தை இழுத்துப் பிடிக்கின்றது போலும். ஆயினும் இதை அளவுக்கு மிஞ்சி நம்பக்கூடாது என்பது எமது கருத்து. ஒரு நாட்டின் தலைநகரைப் பிழையாக எழுதியவன் சரியானதைக் கேட்டதும் திருந்திவிடலாம். விசை பற்றிய தப்பெண்ணம் அவ்வாறு தனிச் செய்தியன்று, பல காட்சிகளால் பின்னிய வலை. ஒரு திடுக்கீட்டில் அது அறுவதில்லை.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு வினாவிலே நிச்சயத்தோடு பிழைத்தவர்கள் யாரென்று பாருங்கள். தாள் முழுவதிலும் நன்றாகச் செய்த பிள்ளைகளே அங்கே 3 எழுதிப் பிழைத்திருந்தால், பிள்ளைகளைக் கூப்பிடுமுன் வினாவைத் திரும்பப் படியுங்கள். விடைத் திறப்பில் எண் மாறியிருக்கலாம். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு வந்தபோது வினாவின் பொருள் திரிந்திருக்கலாம். பழைய முறையில் இத்தகைய வினாக்கள் “கடினமான வினா” என்ற பெயரோடு தப்பிப் போய்விடும்.

சரியான விடையும் சில வேளை ஏமாற்றும். பிழையான காரணத்தாற் சரியான விடையை அடைந்து 3 எழுதுவோர் உண்டு. அவர்களைப் பிடிக்க, விடைக்கு ஒரு நிச்சயம், அதன் காரணத்துக்கு இன்னொரு நிச்சயம் என்று நான்கு அடுக்காகக் கேட்கும் சோதனைகளை இப்போது விஞ்ஞானக் கல்வியாளர் செய்கின்றனர். வேலை இரட்டிப்பாகும்; எல்லா வினாவுக்கும் அது தேவையில்லை.

முறையின் குறைகளுள் எமக்குப் பெரிதாகப் படுவது, சிறிய சோதனைகளில் புள்ளி அலைவது. 10 வினாக்கள் மட்டும் உள்ள சோதனையிலே எல்லாவற்றுக்கும் 3 எழுதி 8 சரியாக்கியவனுக்கு 24 இல் 12 போக 12 புள்ளி. 7 சரியாக்கியவனுக்கு 21 இல் 18 போக 3 புள்ளி. ஒரே ஒரு வினா ஒன்பது புள்ளியை அசைத்துவிட்டது! இதைக் கொண்டு ஒரு பிள்ளையைச் சித்தி, சித்தியில்லை என்று தீர்ப்பது நீதியாகாது. மேலும், முன்னறிவித்தல் இன்றி இம்முறையைப் பரீட்சை மண்டபத்திலே புகுத்துவதும் நீதியன்று. முதன்முறை எழுதுவோர் பெரும்பாலும் தம்மை அளவுக்கு மிஞ்சி நம்புவர். சிலர் அளவுக்குக் குறைவாக நம்புவர். காட்னர்-மெட்வின் தம் மாணாக்கர் பரீட்சைக்கு முன்னர் கணனியிலே தாமாகப் பயின்று பழக வேண்டுமென்று வற்புறுத்தியதும் இதனாலேதான்.

எமது வாலிபர்கள் இதைச் செய்து பார்க்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எமது பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் வழங்கும் மூடில் என்ற கற்றல் தளத்திலே இதே விதி, இதே 1, 2, 3 எண்களோடு, ஆயத்தமாக இருக்கின்றது. விரிவுரையாளர் அதைத் தெரிவு செய்தாற் போதும். அதுவும் வேண்டாமென்றால் பழைய வினாத்தாளும் ஒரு பென்சிலும் போதும். புள்ளடியின் பக்கத்திலே எண்ணை எழுதுங்கள். விடைப் பக்கத்தைத் திருப்புமுன் எழுத வேண்டும். திருப்பிய பின் எல்லோரும் நிச்சயமாகத்தான் இருந்திருப்பர்.

பத்துத் தாள்கள் செய்தபின் மூன்று நிரல்கள் கீறி எண்ணிப் பாருங்கள். 3 எழுதிய வினாக்களில் நூற்றுக்கு எத்தனை சரி? 80க்குக் கீழே நின்றால் உங்கள் மூன்று மலிந்துவிட்டது. 2 எழுதியவை 67க்கும் 80க்கும் இடையில் நிற்க வேண்டும். 1 எழுதியவற்றில் நூற்றுக்கு 85 சரியாக இருந்தால், அறிந்ததையே அறியோம் என்று சொல்லிப் புள்ளியை இழக்கின்றீர்கள். இவ்வெண்ணிக்கைக்கு ஒவ்வொரு நிரலிலும் நாற்பது, ஐம்பது வினாக்களாவது வேண்டும். ஐந்தாறை வைத்து முடிவு கட்டாதீர்கள். பின்னர், 3 எழுதிப் பிழைத்த வினாக்களை மட்டும் தனியாக ஒரு கொப்பியில் எடுத்தெழுதுங்கள். அந்தப் பட்டியல் நீளமாக இராது; பத்துத் தாளுக்கு இருபது, முப்பது வரலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும், ஏன் அவ்வளவு நிச்சயமாக இருந்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். ஆசிரியரிடம் கொண்டுபோவதாயின் முழு வினாத்தாளையும் விட்டுவிட்டு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.